ஸ்கோர்கார்டு போட்டோவைப் பார்த்து இன்னிங்ஸ் சுருக்கம் எழுதுறது எப்படி: முழுமையான வழிகாட்டி

மேட்ச் பாக்க முடியாத நாள்ல யாராவது ஒரு ஸ்கோர்கார்டு போட்டோவை தட்டி விடுவாங்க, கீழயே "என்னாச்சு சொல்லு"ன்னு இன்னொருத்தர் கேப்பாரு. மேலோட்டமா பாத்துட்டு நாலு வரி அடிச்சு விட்டா பாதி நேரம் தப்பாத்தான் போகும். நானே ஒரு தடவ மங்கலான போட்டோல 8ஐ 3ன்னு படிச்சுட்டு, ஒருத்தரோட அரைசதத்தையே காணாம அடிச்சு, அதுக்கு ரெண்டு நாள் கிண்டல் வாங்கினவன். அப்புறம்தான் ஒண்ணு புரிஞ்சுது, ஸ்கோர்கார்டுங்குறது வெறும் பட்டியல் இல்ல, அது தன்னைத்தானே சரிபாத்துக்குற ஒரு கணக்கு. ஒரு எண் மங்கிப்போனாலும் மத்த எண்களை வெச்சு அதை மீட்டுடலாம்.

சும்மா சொன்னா மண்டைல நிக்காது, அதனால ஒரு நிஜ கார்டையே எடுத்துக்குவோம். 2011 உலகக்கோப்பை ஃபைனல், மும்பை வான்கடே, இலங்கை முதல் பேட்டிங். எல்லாருக்கும் ரிசல்ட் தெரிஞ்ச மேட்ச்ங்குறதால கணக்குல மட்டும் கவனம் வெக்கலாம்.

```
இலங்கை                 R     B     SR
தரங்கா                  2    20   10.00
தில்ஷன்                33    49   67.34
சங்ககாரா (c)†          48    67   71.64
ஜெயவர்த்தனே           103*   88  117.04
சமரவீரா                21    34   61.76
கபுகேதரா                1     5   20.00
குலசேகரா               32    30  106.66
திசாரா பெரேரா          22*    9  244.44
Extras (b 1, lb 3, w 6, nb 2)  12
Total   274/6  (50 Ov)
```

முதல்ல படிக்காதீங்க, எடுத்து எழுதுங்க

போட்டோவ பாத்த உடனே யாரு நல்லா ஆடினாங்கன்னு தேட ஆரம்பிக்காதீங்க. ஜூம் பண்ணி, ஒரு நோட்லயோ போன்லயோ பேரு, ரன், பந்து மூணையும் வரிசையா எழுதிக்கோங்க. சாய்ஞ்சு எடுத்த போட்டோவா இருந்தா முதல்ல நேராக்கிக்கோங்க, இல்லன்னா ஒரு வரியோட ரன்னும் அடுத்த வரியோட பந்தும் சேந்துக்கும், கண்ணு அப்படியே சறுக்கும். எந்த எண் சந்தேகமோ அதுக்கு பக்கத்துல ஒரு கேள்விக்குறி போடுங்க, அங்கயே ஊகிச்சு எழுதிடாதீங்க.

எழுதும்போது ரெண்டு மூணு குறிகளை கவனிக்கணும். 103 பக்கத்துல இருக்குற `*` அவுட் ஆகலன்னு அர்த்தம், மங்கலான போட்டோல முதல்ல காணாம போறது இந்த நட்சத்திரம்தான். பேருக்குப் பக்கத்துல வர்ற `(c)` கேப்டன், `†` கீப்பர், சங்ககாராவுக்கு ரெண்டுமே இருக்கும் பாருங்க. ஆனா அவுட் ஆன விதம் எழுதுற இடத்துல வர்ற `c` கேட்ச், `b` பௌலர். எக்ஸ்ட்ராஸ் வரில அதே `b` வந்தா பைஸ். ஒரே எழுத்துக்கு இடத்துக்கு இடம் வேற வேலை.

நட்சத்திரம் அழிஞ்சு போயிருந்தா எண்ணிப் பாத்தே கண்டுபிடிக்கலாம். ஆல் அவுட் ஆகாத டீம்ல, யாரும் அடிபட்டு பாதில கிளம்பிப் போகலன்னா, விழுந்த விக்கெட்டோட ரெண்டு கூட்டினா பேட் புடிச்சவங்க எண்ணிக்கை வரணும். இங்க 6 விக்கெட், 8 பேரு, அப்போ ரெண்டு பேரு அவுட் ஆகாம நின்னிருக்கணும். ஆஸ்திரேலியா பக்கத்து கார்டா இருந்தா விக்கெட்டை முன்னாடி போட்டு 6/274ன்னு எழுதுவாங்க, அதைப் பாத்து யாரும் 6 ரன்னுன்னு நெனக்க மாட்டோம், ஆனா 3/8 மாதிரி ஆரம்ப ஓவர் ஸ்கோர்ல நெஜமாவே குழம்பும்.

இப்ப கூட்டிப் பாருங்க, இதுதான் உயிர்நாடி

பேட்ஸ்மேன் ரன் எல்லாத்தையும் கூட்டுங்க: 2, 33, 48, 103, 21, 1, 32, 22. மொத்தம் 262. எக்ஸ்ட்ராஸ் 12 சேத்தா 274. கீழ இருக்குற டோட்டலோட ஒட்டுது, அப்போ ரன் காலம், அதாவது ரன் எழுதியிருக்குற நெடுவரிசை, சரியா படிச்சிருக்கோம்.

ஒட்டலன்னா என்ன பண்றது? இங்கதான் சுவாரசியமே. எவ்வளவு இடிக்குதுன்னு பாருங்க, அந்த வித்தியாசமே எந்த எண்ணை தப்பா படிச்சீங்கன்னு காட்டிக் கொடுத்துடும். உதாரணமா சங்ககாராவோட 48ஐ நீங்க 43ன்னு எழுதிட்டீங்கன்னு வெச்சுக்குவோம், கூட்டினா 269 வரும், 5 குறையுது. 5 வித்தியாசம்னா பெரும்பாலும் 3க்கும் 8க்கும் நடுவுல நடந்த குழப்பம். 6 வித்தியாசம்னா 1ஐயும் 7ஐயும் மாத்திப் படிச்சிருப்பீங்க, 2 வித்தியாசம்னா 6ஐயும் 8ஐயும். பத்தாம் இடத்துல தப்புன்னா அதே கணக்கு 50, 60, 20ன்னு வரும். அப்போ பட்டியல்ல கடைசில 3 இருக்குற எண் எது எதுன்னு மட்டும் பாத்தா போதும்: 33, 43, 103. மூணு பேருல ஒருத்தர்தான் குற்றவாளி.

அந்த மூணுல யாருன்னு முடிவு பண்ண SR காலம் இருக்கு. ஸ்ட்ரைக் ரேட்ங்குறது ரன்னை பந்தால வகுத்து நூறால பெருக்குறது, அவ்வளவுதான். சங்ககாரா 67 பந்து, 43 ரன்னுன்னா 64.18 வரணும், ஆனா கார்டுல 71.64ன்னு இருக்கு. 48 போட்டா கரெக்டா 71.64. முடிஞ்சுது கதை. இதே வித்தை பந்து எண்ணிக்கை மங்கினாலும் வேலை செய்யும், ஜெயவர்த்தனேவோட 88ஐ யாராவது 83ன்னு படிச்சா ஸ்ட்ரைக் ரேட் 124.10 ஆயிடும், கார்டுல 117.04. கடைசி தசமம் ஒண்ணு முன்னபின்ன இருந்தா பதறாதீங்க, சில இடத்துல ரவுண்ட் பண்ணுவாங்க, சில இடத்துல வெட்டி விடுவாங்க.

கையால எழுதின ஸ்கோர்புக் போட்டோன்னா SR காலமே இருக்காது, அப்போ பந்து காலம் தான் ரெண்டாவது சாட்சி. பந்தையும் கூட்டிப் பாருங்க: 20, 49, 67, 88, 34, 5, 30, 9, மொத்தம் 302. அட, 50 ஓவர்னா 300 பந்துதானே, எங்கருந்து ரெண்டு எக்ஸ்ட்ரா? தப்பு இல்ல. நோபால் பேட்ஸ்மேன் சந்திச்ச பந்துல சேரும், ஆனா ஓவர் கணக்குல சேராது. எக்ஸ்ட்ராஸ்ல `nb 2` இருக்கு பாருங்க, அதேதான் இந்த ரெண்டு. வைடு ரெண்டு கணக்குலயும் சேராது. இந்த இடத்துல நெறைய பேரு நல்லா இருக்குற எண்ணைப் போய் "திருத்தி" கெடுத்துடுவாங்க.

ஒரு எச்சரிக்கை. ஒரு இடத்துல 5 கூடி இன்னொரு இடத்துல 5 குறைஞ்சா கூட்டல் சரியா வந்துடும், ரெண்டு தப்பும் ஒண்ணையொண்ணு மறைச்சுக்கும். அதனால சுருக்கத்துல பேர் சொல்லப் போற ஆளுங்களுக்கு மட்டுமாவது ஸ்ட்ரைக் ரேட்டை தனியா போட்டுப் பாத்துடுங்க.

பௌலிங் பக்கம் எதிர்ப்பக்க சாட்சி

```
இந்தியா            O   M    R   W
ஜாகீர் கான்       10   3   60   2
ஸ்ரீசாந்த்          8   0   52   0
முனாஃப் படேல்      9   0   41   0
ஹர்பஜன்           10   0   50   1
யுவராஜ்           10   0   49   2
சச்சின்            2   0   12   0
கோலி               1   0    6   0
```

ஓவர் கூட்டினா 50, ரன் கூட்டினா 270, விக்கெட் 5. டோட்டல் 274/6 ஆச்சே, 4 ரன்னும் ஒரு விக்கெட்டும் எங்க போச்சு? பைஸும் லெக் பைஸும் பௌலர் தலைல ஏறாது, அது 1 கூட்டல் 3, சரியா 4. ரன் அவுட்டும் பௌலர் கணக்குல வராது, குலசேகரா ரன் அவுட். ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிச்சு, இனி இந்த கார்டை கண்ண மூடிட்டு நம்பலாம்.

எக்ஸ்ட்ராஸ் வரி போட்டோல வெட்டுப்பட்டுப் போனா கூட இதால காப்பாத்தலாம், டோட்டல்ல இருந்து பேட்ஸ்மேன் ரன்னைக் கழிச்சா மொத்த எக்ஸ்ட்ராஸ், டோட்டல்ல இருந்து பௌலர் ரன்னைக் கழிச்சா பைஸும் லெக் பைஸும் (பெனால்டி ரன் ஏதும் இருந்தா அதுவும் இதுக்குள்ள வரும், அபூர்வம்தான்). எந்த பேட்ஸ்மேன் வரியாவது வெட்டுப்பட்டா அதையும் இப்படி கழிச்சே எடுக்கலாம், ஆனா ஒரு வரிதான், ரெண்டு வரி போயிட்டா ரெண்டு பேரோட கூட்டுத்தொகை மட்டும்தான் கிடைக்கும், யாரு எவ்வளவுன்னு சொல்ல முடியாது, அப்போ எழுதவும் எழுதாதீங்க.

யாரு நல்லா ஆடினாங்கன்னு எப்படி முடிவு பண்றது

ஜெயவர்த்தனே பத்தி யோசிக்கவே வேணாம், டீம் ரன்னுல மூணுல ஒரு பங்குக்கு மேல அவரோடது. ரெண்டாவது யாருங்குறதுலதான் ஆளோட ரசனை தெரியும். ரன் காலத்தை மட்டும் பாத்தா சங்ககாரா 48. ஆனா 67 பந்து. கீழ பாருங்க, திசாரா பெரேரா 9 பந்துல 22, குலசேகரா 30 பந்துல 32. என்னைக் கேட்டா சுருக்கத்துல சங்ககாரா பேரும் பெரேரா பேரும் ரெண்டும் வரணும், வெறும் "அதிக ரன்" பட்டியல் போட்டா இன்னிங்ஸோட கடைசி பகுதி காணாமலே போயிடும்.

அந்த கடைசி பகுதி எவ்வளவு வேகம்னு சொல்ல விக்கெட் விழுந்த வரிசை வேணும், கார்டோட அடில பொடி எழுத்துல இருக்கும், போட்டோ எடுக்குறவங்க முதல்ல வெட்டி விடுறதும் அதைத்தான்:

```
1-17 (6.1), 2-60 (16.3), 3-122 (27.5),
4-179 (38.1), 5-182 (39.5), 6-248 (47.6)
```

அஞ்சாவது விக்கெட் விழும்போது 39.5 ஓவர்ல 182. அதாவது 239 பந்து. மீதி 61 பந்துல 92 ரன், ஓவருக்கு 9க்கு மேல. அதுவரைக்கும் ஓவருக்கு நாலரை சொச்சம்தான் போயிட்டிருந்துச்சு. இந்த ஒரு வரிதான் இன்னிங்ஸோட கதை, 274ன்னு டோட்டல் மட்டும் சொன்னா இது தெரியாது. (47.6ன்னு இருக்குறதைப் பாத்து குழம்பாதீங்க, 48வது ஓவரோட கடைசி பந்து, 48 ஓவர் முடிஞ்சதும் அதும் ஒண்ணுதான்.)

பௌலர்ல யுவராஜ் 2/49, ஜாகீர் 2/60. விக்கெட் சமம்னா ரன் குறைவா கொடுத்தவரை முன்னாடி போடுறது வழக்கம், அதனால யுவராஜ். ஆனா ஜாகீரோட M காலத்துல 3 இருக்கு கவனிச்சீங்களா? மூணு ஓவர் ஒரு ரன்னும் கொடுக்கல, அப்போ 60 ரன்னும் மீதி ஏழு ஓவர்ல போயிருக்கு. ஆரம்பத்துல கட்டிப் போட்டவரு கடைசில வாங்கிக் கட்டிக்கிட்டாருன்னு எழுதத் தோணும், ஆனா எந்த ஓவர்ல எவ்வளவு போச்சுன்னு கார்டு சொல்லாது, அதனால சுருக்கத்துல "மூணு மெய்டன் போட்டும் 60 கொடுத்தார்"னு நிறுத்திக்கோங்க, பாக்காத மேட்சுக்கு கதை கட்டாதீங்க.

இப்ப ரிக்வயர்டு ரன் ரேட்

இதுல தப்பு பண்றவங்கதான் அதிகம், காரணம் ஒரே ஒரு புள்ளி. 41.2 ஓவர்ங்குறது நாப்பத்தொண்ணு புள்ளி ரெண்டு கிடையாது, 41 ஓவரும் 2 பந்தும். அதனால ஓவரை மறந்துட்டு எல்லாத்தையும் பந்தா மாத்திடுங்க:

```
வீசின பந்து = முழு ஓவர் × 6 + புள்ளிக்கு அப்புறம் உள்ள எண்
மீதி பந்து  = மொத்த பந்து − வீசின பந்து
தேவை ரன்   = டார்கெட் − இப்போதைய ஸ்கோர்
RRR        = தேவை ரன் × 6 ÷ மீதி பந்து
```

டார்கெட் 274 இல்ல, 275. 274 அடிச்சா டை. இந்த ஒரு ரன்னை விட்டுட்டு கணக்கு போட்டவங்களை கடைசி ஓவர்ல பாத்தா பாவமா இருக்கும்.

இந்தியா சேஸிங்ல மூணு இடத்துல போட்டோ எடுத்ததா நெனச்சுக்கோங்க. ஆரம்பிக்கும்போது 300 பந்துல 275, அதாவது 5.50. சச்சின் அவுட் ஆனப்போ 31/2, 6.1 ஓவர். வீசினது 37 பந்து, மீதி 263, தேவை 244, ரேட் 5.57. கோலி போனப்போ 114/3, 21.4 ஓவர். வீசினது 130, மீதி 170, தேவை 161, ரேட் 5.68. கம்பீர் 97ல அவுட் ஆனப்போ 223/4, 41.2 ஓவர். வீசினது 248, மீதி 52 பந்து, தேவை 52 ரன். கரெக்டா 6.00.

இந்த நாலு எண்ணையும் வரிசையா வெச்சுப் பாருங்க, 5.50, 5.57, 5.68, 6.00. ரெண்டு ஓபனரும் சீக்கிரம் போயும் ரேட் எங்கயும் கை மீறிப் போகல. ரேட்டை தனியா சொல்றதை விட கைல எத்தனை விக்கெட் இருக்குன்னும் சேத்து சொல்லணும், 52 பந்துல 52ங்குறது ஆறு விக்கெட் கைல இருக்கும்போது வேற, ரெண்டு விக்கெட் இருக்கும்போது வேற.

புள்ளியை தசமமா எடுத்தா எவ்வளவு இடிக்கும்னு கேட்டா, மேட்ச் நடுவுல பெருசா தெரியாது, அதனாலதான் தப்பு பழகிப் போகுது. கடைசில தெரியும். ஒரு இருபது ஓவர் மேட்ச்ல 18.4 ஓவர் முடிஞ்சு 16 ரன் வேணும்னு வெச்சுக்கோங்க. 20ல 18.4 கழிச்சா 1.6, 16ஐ அதால வகுத்தா 10 வரும். நெஜத்துல மீதி 8 பந்து, ரேட் 12. ஓவருக்கு ரெண்டு ரன் வித்தியாசம், ஒரு டீமை ஜெயிக்க வெச்சு தோக்கவும் வெச்சுடலாம்.

மழை பெய்ஞ்ச மேட்ச்னா முதல் இன்னிங்ஸோட ஒண்ணு கூட்டுற வேலையே ஆகாது. டார்கெட்டையும் ஓவரையும் மாத்தியிருப்பாங்க, போட்டோல `target`, `DLS`னு ஏதாவது இருக்கான்னு மேல கீழ தேடுங்க, அங்க போட்டிருக்குற எண்ணையும் ஓவரையும்தான் எடுக்கணும். டார்கெட் போட்டோல இல்லன்னா ரேட் சொல்லாதீங்க, "இன்னும் டார்கெட் தெரியல"ன்னு எழுதிடுங்க. மேட்ச் முடிஞ்ச கார்டுக்கும் ரேட் போடாதீங்க, சேஸிங் ஆரம்பிச்சப்போ எவ்வளவு தேவைப்பட்டதுன்னு வேணா சொல்லலாம்.

கடைசியா எழுதுறது

வரிசை இப்படி வெச்சா போதும்: டோட்டல், இன்னிங்ஸ் எங்க திரும்பிச்சு, ரெண்டு மூணு பேரு, பௌலர், அப்புறம் ரேட். ரேட் சொல்லும்போது எந்த ஓவர் போட்டோன்னு கட்டாயம் போடுங்க, ஏன்னா அடுத்த பந்துலயே அது மாறிடும். நான் எழுதினா இப்படி இருக்கும்:

"இலங்கை 50 ஓவர்ல 274/6. நாப்பதாவது ஓவர்ல 182/5ன்னு தடுமாறி, கடைசி 61 பந்துல 92 அடிச்சாங்க. ஜெயவர்த்தனே 88 பந்துல 103*, சங்ககாரா 48, கடைசில பெரேரா 9 பந்துல 22*. யுவராஜ் 2/49, ஜாகீர் மூணு மெய்டன் போட்டும் 2/60. இந்தியாவுக்கு டார்கெட் 275. 41.2 ஓவர் நிலவரப்படி 223/4, கம்பீர் 97ல அவுட், இன்னும் 52 பந்துல 52 வேணும், ஓவருக்கு 6, கைல ஆறு விக்கெட்."

அந்த போட்டோக்கு அப்புறம் விக்கெட்டே விழல, 48.2 ஓவர்ல 277/4, தோனி 79 பந்துல 91*. அந்த கார்டையும் கூட்டிப் பாத்தேன்: பேட்ஸ்மேன் ரன் 262, எக்ஸ்ட்ராஸ் 15, பந்து 290, நோபால் ஒண்ணு கூட இல்ல.